சட்டையைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள்

குழந்தைக்குச் சளி இருமல் என்றால் நம் வீடுகளில் முதலில் வேலை செய்வது காதுதான். “நெஞ்சுல கொரகொரன்னு கேக்குது” என்று பாட்டி சொன்னால் வீடே பதறும். சத்தம் இல்லையென்றால் “ஒண்ணுமில்ல, சாதாரண சளிதான்” என்று விட்டுவிடுவோம். அடுத்து வேலை செய்வது கை. நெற்றி சுட்டால் கவலை, சுடாவிட்டால் நிம்மதி. நிமோனியா விஷயத்தில் இந்த இரண்டையும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. கொரகொரப்பு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளியின் சத்தம். நுரையீரல் கெட்டுப்போகும் குழந்தை சத்தமே இல்லாமல் வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதுவும் சட்டையைத் தூக்கிவிட்டு.

கிராமங்களில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்டெத்தாஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில் எந்தக் குழந்தைக்கு நிமோனியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1980களின் தொடக்கத்தில் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். இருமலோடு வரும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு ஓடினால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம், நெஞ்சு உள்ளே இழுத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்பது அவர் குழுவினர் கண்ட வழி. அதற்கு அடுத்த படி நம் ஊரில் நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: ஒரு வயதுக்குள் இருந்தால் 50 சரி, ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40ஐ எல்லையாக வைக்க வேண்டும். வயது கூடக்கூட மூச்சின் வேகம் தானாகவே குறையும். எல்லாருக்கும் 50 என்று வைத்தால் பெரிய குழந்தைகள் பலர் தப்பிப் போவார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இருப்பதும் இதுதான். இரண்டு மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. இரண்டு மாதம் நிறையாத பிஞ்சுக்கு எல்லை 60. அந்த வயதில் மூச்சு ஒரே சீராக ஓடாது, சற்று நின்று நின்று வரும். அதனால் 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபடியும் 60 வந்தால் வீட்டில் வைத்திருக்கும் பேச்சே கூடாது.

எண்ணுவது சுலபம்போலத் தெரியும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் எங்கே வழுக்குகிறது என்று புரியும். முதல் வழுக்கல், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது. ஆறு மாதக் குழந்தைக்கு அரை நிமிடத்தில் 24 எண்ணினால் 48, பயமில்லை. 25 எண்ணினால் 50, நிமோனியா. எண்ணுகிறவர் தவறவிட்ட ஒரே ஒரு மூச்சு, மருந்து உண்டா இல்லையா என்பதை முடிவு செய்துவிடும். களப் பணியாளர்களுக்குக் கொடுக்கப்படும் டைமர் 30 வினாடியில் ஒருமுறை பீப் அடிக்கும், 60இல் மறுபடி அடிக்கும். முதல் பீப்பிலேயே கையைத் தூக்கிவிடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த நடு பீப்பை எதற்கு வைத்தார்கள் என்று எனக்கு ஒரு தனிக் கோபமே உண்டு.

கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி மூச்சை எண்ணுவதற்கு ஒரு கருவி செய்தார்கள். மகாராஷ்டிரத்தின் பழங்குடிப் பகுதி அது. எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளிடம் 50 வரை எண்ணு என்றால் எப்படி? ஒரு நிமிட மணல் கடிகாரம், பக்கத்தில் கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருவதற்குள் கடைசியில் இருக்கும் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். ஊர்க்காரர்களே நிமோனியாவைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்த கிராமங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியா சாவு ஆயிரத்துக்கு 8.1, மற்ற கிராமங்களில் 17.5 என்று 1990இல் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். பாதிக்கும் மேல் குறைவு.

இப்போது பத்து மாதக் குழந்தை ஒன்றை வைத்துக்கொள்வோம். எடை 8 கிலோ, மூன்று நாளாக இருமல், நேற்றிலிருந்து காய்ச்சல். தூக்கிக்கொண்டு வந்ததும் எண்ணினால் 66. ஆனால் குழந்தை அப்போதுதான் அழுது ஓய்ந்திருக்கிறது, அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பால் குடித்துக்கொண்டிருக்கும்போதும் எண்ண முடியாது. அம்மா மடியில் அமைதியாகும்வரை, முடிந்தால் தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். தூங்கியதும் சட்டையை மேலே தூக்கி, வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தில் ஒரே புள்ளியில் கண்ணை வைத்து எண்ணினால் 54. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினால் 53. தூக்கத்திலேயே 50க்கு மேல் என்றால் அது வேக மூச்சுதான். நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை, பால் குடிக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் நிமோனியா, ஆனால் வாயால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் அளவில்தான் இருக்கிறது. வழிகாட்டிப்படி இந்த எடைக்கு 250 மில்லிகிராம் அமாக்சிசிலின் கரையும் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஐந்து நாள். மருத்துவரோ பயிற்சி பெற்ற பணியாளரோ பார்த்துத் தர வேண்டியது அது. அண்ணன் குடித்து மீந்த பாட்டிலிலிருந்து நாமே ஊற்றுவதற்கு இந்த எண்கள் அல்ல.

மூன்றாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். மூச்சு 44, காய்ச்சல் இறங்கியிருக்கிறது, முன்பைவிட நன்றாகக் குடிக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது. அதே மூன்றாம் நாள் மூச்சு 46, ஆனால் விலா உள்ளே இழுக்கிறது, பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் குறைந்ததைப் பார்த்து யாரும் சந்தோஷப்படக் கூடாது. களைத்துப்போன குழந்தைக்கு வேகமாக மூச்சு விடவே தெம்பிருக்காது. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நெஞ்சு உள்ளே இழுப்பது ஏன்? நிமோனியாவில் நுரையீரல் விறைத்துப்போகும். புது பலூனை முதல்முறை ஊதுவதுபோல, காற்றை உள்ளே கொண்டுபோகவே பலம் வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசை முழு பலத்தோடு கீழே இழுக்கும். பெரியவர்களின் விலாக்கூடு கெட்டி, தாங்கும். குழந்தையின் கூடு இளசு, அந்த இழுப்புக்குக் கீழ்ப்பகுதி மடங்கி உள்ளே போய்விடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து மேலே வர வேண்டும். வயிறு மேலே வரும்போது விலாவின் கீழ்ப்பகுதி பள்ளமாக உள்ளே போனால் அதுதான் அபாய அறிகுறி.

இதிலும் ஏமாற இடமுண்டு. விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசை மட்டும் லேசாக உள்ளே போவது இதில் சேராது. மூக்கடைப்பு இருந்தாலும் அழுதாலும் சற்று இழுக்கும். மூக்கைச் சுத்தம் செய்து, அழுகை நின்ற பிறகும் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்தால்தான் கணக்கு. குழந்தை இடுப்பில் மடங்கி உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது, மடியில் நேராகப் படுக்க வைக்க வேண்டும். வெளிச்சமும் வேண்டும். டியூப்லைட் இல்லாத மூலையில், மூன்று சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுச் சுற்றி வைத்திருக்கும் குழந்தையிடம் எதைப் பார்ப்பது? இதை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. டோக்கன் வரிசை நீளமாக இருக்கும் கிளினிக்குகளில் ஸ்டெத்தைச் சட்டைக்கு மேலேயே வைத்துவிட்டு, காய்ச்சல், சளி, ஆன்டிபயாட்டிக் என்று மூன்றே வரியில் சீட்டு எழுதி அனுப்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாத குழந்தைக்கு மருந்து போவதும், தேவைப்பட்ட குழந்தை தவறிப்போவதும் அந்த ஒரே மேஜையில் நடக்கிறது.

2014 வரை நெஞ்சு உள்ளே இழுத்தாலே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றியது. வேறு அபாயக்குறி இல்லையென்றால் வெளிநோயாளியாகவே அமாக்சிசிலின் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வுகள் அதற்கு முக்கியமான ஆதாரம். எனக்கு அந்த ஆய்வுகள்மேல் சந்தேகமில்லை. ஆனால் பரிசோதித்த ஒருவர் மருந்து கொடுத்து, மறுபடி வந்து பார்ப்பார் என்பது அதில் அடக்கம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மெடிக்கலில் பாட்டில் வாங்கும் ஊரில் அந்த வரியை மட்டும் உருவி எடுத்துப் பேசுவது சரியில்லை. ஊர் அளவில் வேலை செய்யும் பணியாளருக்கு நெஞ்சு இழுப்பது இன்னமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய குறிதான். வீட்டில் இருப்பவர்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாத நிலைகள் உண்டு. பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், அமைதியாக இருக்கும்போதே மூச்சை இழுக்கையில் தொண்டையில் கேட்கும் கரகர ஒலி, உதட்டில் நீலம். இதில் ஒன்று இருந்தாலும் 108தான். ரொம்ப மெலிந்து, ஊட்டமில்லாத குழந்தை என்றால் இன்னும் உஷார். நெஞ்சை இழுக்கும் அளவுக்கே தசையில் பலமில்லாததால் பெரிய நிமோனியாவும் சின்னதாகத் தெரியும்.

வேக மூச்சு என்றாலே நிமோனியா என்றும் இல்லை. கடும் காய்ச்சலில் மூச்சு ஏறும். வீசிங் இருக்கும் குழந்தைக்கும் மூச்சு ஓடும், நெஞ்சும் இழுக்கும். அதனால்தான் வீசிங் கேட்டால் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சக் கொடுத்துவிட்டு மறுபடி எண்ணச் சொல்கிறார்கள். வேக மூச்சு மட்டும் உள்ள குழந்தைகளில் பலருக்கு வைரஸ்தான், மருந்தில்லாமலும் சரியாகிவிடுவார்கள். ஆனால் அது எந்தக் குழந்தை என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட முடியாது. தவறிப்போகக் கூடாது என்பதற்காகச் சற்று அகலமாக விரித்த வலை இது, அந்தக் குறை தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம்.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் குழந்தை விரலில் மாட்டி “97 காட்டுது, பயமில்ல” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது பெரியவர் விரலுக்குச் செய்த கிளிப். குழந்தை விரலில் சரியாகப் பிடிக்காது, கால் கையை ஆட்டினால் எண் தாவும். குழந்தைகளுக்கென்று தனி சென்சார் இருக்கிறது, காலிலோ கட்டைவிரலிலோ சுற்றுவார்கள். அதில் 90க்குக் கீழே வந்தால் ஆக்சிஜன் வேண்டும். வீட்டு கிளிப் என்ன எண் காட்டினாலும், விலா உள்ளே இழுக்கிறதென்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.