9%, 9.2%: ரெண்டும் ஒரே அளவுகோல் இல்லை

“கடன் வட்டி 9%, டெபாசிட் வட்டி 9.2%. முன்கூட்டி அடைக்காதீங்க, டெபாசிட்தான் லாபம்”னு ஒருத்தர் சொல்றார்.

கடனுக்கு மாசாமாசம் 0.75% ஏறுது; வருஷக் கணக்கில் 9.38%. டெபாசிட்டில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வட்டி சேருதுன்னா 9.2% அப்படியே நிற்கும், அதிலும் 20% வரி போனா 7.36%. லட்சத்தைக் கடனில் கட்டி, தவணையைக் குறைக்காம விட்டா, வருஷக் கடைசியில் பாக்கி, கட்டாம இருந்தா இருக்கிறதைவிட 1,09,380 குறைவா இருக்கும். டெபாசிட்டில் கையில் நிற்பது 1,07,360.

கடன் வட்டிக்கு வரிவிலக்கு உண்டேன்னு கேட்டா, அது பாதி சரி: நிஜமா கிடைக்கிறவருக்கு அந்த 9.38% இன்னும் கீழே இறங்கும், வரம்பைத் தாண்டிய வட்டிக்கு இறங்காது. கையில் இருந்த எல்லாத்தையும் கடனில் கட்டிட்டு அவசரத்துக்குத் தவிச்சவங்க, கட்டாதீங்கன்னு சொல்றதும் நியாயம்தான். ஆனா அது கைப்பணப் பிரச்சினை, வட்டிக் கணக்கில்லை. பங்குச்சந்தையில் போடலாமேன்னா, அங்கே உறுதியான சதவீதமே இல்லையே, எதோட ஒப்பிட?