பிரஸ்மட்டை அப்படியே வயலில் கொட்டலாமா?
சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் கசடுதான் பிரஸ்மட். “ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட்டை அப்படியே வயலில் போட்டால் போதும்” என்று சிலர் சொல்வது சரியல்ல. புதிய பிரஸ்மட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்; கூடவே கரும்பு மெழுகும் இருப்பதால் கட்டியாகி, உள்ளே காற்று போகாது. வயலிலேயே சூடேறி அழுகும், இளவேர் கருகும். மட்க வைக்கக் கரும்புச் சக்கை கலப்பது சரிதான், ஆனால் எந்தச் சக்கை என்பதில்தான் விஷயம். 10 டன் பிரஸ்மட்டில் 7 டன் தண்ணீர். அரவையிலிருந்து நேராக வரும் சக்கையில் பாதி ஈரம். அதில் 2 டன் சேர்த்தால் 12 டன்னுக்கு 8 டன் தண்ணீர், அதாவது 67 சதவீதம். பெரிய பலனில்லை. வெயிலில் 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த சக்கை என்றால் 61 சதவீதத்துக்கு இறங்கும், அது போதும். அதற்காகச் சக்கையை அள்ளிப் போடவும் கூடாது. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் உயர வரப்பாகக் குவித்து வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டினாலோ அழுகிய முட்டை வாடை வந்தாலோ உடனே புரட்டிக் காய்ந்த சக்கை சேருங்கள். போதிய ஈரம் இருந்தும், புரட்டிய பிறகு குவியல் மறுபடி சூடேறவில்லை என்றால் உரம் தயார். சாற்றைச் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் கொண்டு தெளிய வைக்கும் கார்பனேஷன் முறை ஆலையின் பிரஸ்மட்டில் சுண்ணாம்பு மிகுதி, களர் நிலத்துக்கு அது வேண்டாம்.