கரண்டியைக் கொடுங்கள், அத்தை

(ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. சென்னையில் ஒரு குடியிருப்பின் அடுக்களை. மருமகன் காசிமேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்திருக்கிறார். மாமியார் மகள் கவிதாவின் வீட்டுக்கு வந்திருக்கிறார்.)

மருமகன்: அத்தை, இன்று நீங்கள் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்துவிட்டேன். ஒரு கிலோ மீனுக்குப் பத்து நிமிடம். நான் வாங்கியது இரண்டு கிலோ. ஆகவே இருபது நிமிடம் கழித்துக் கைப்பேசி மணி அடிக்கும், நான் அடுப்பை அணைப்பேன்.

அத்தை: நல்ல வேளை, மறுவீட்டு விருந்துக்கு உங்களைச் சமைக்கச் சொல்லவில்லை மாப்பிள்ளை. ஐம்பது கிலோ மீன் வாங்கியிருந்தால் உங்கள் கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் வேக வேண்டும். விருந்துக்கு வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, படுத்துத் தூங்கிய பிறகுதான் சட்டி இறங்கும்.

மருமகன்: எடை கூடினால் நேரம் கூடத்தானே வேண்டும்?

அத்தை: சூடு துண்டின் மேற்புறத்திலிருந்து நடுமுள்ளை நோக்கிப் போகிறது. பக்கத்துத் துண்டு எத்தனை கிலோ என்று அது விசாரித்துக்கொண்டு போவதில்லை. அகலமான சட்டியில் ஒரே அடுக்காகப் போட்டால், இரண்டு துண்டும் இருபது துண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வேகும். பார்க்க வேண்டியது தடிப்பு ஒன்றைத்தான். எங்கே, அந்தத் தட்டை இப்படிக் காட்டுங்கள்.

(தட்டைப் பார்க்கிறார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.)

அத்தை: இந்தத் துண்டு ஓர் அங்குலம் இருக்கிறது. அதற்கு அடுத்தது அரை அங்குலம். வால் பக்கம் வெட்டியது அதைவிட மெல்லியது. தலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இவை எல்லாம் ஒரே மீனிலிருந்துதான் வந்தனவா?

மருமகன்: ஒரே மீன்தான் அத்தை. வெட்டிக் கொடுக்கும் அம்மாள் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். குழம்புக்கு என்றேன்.

அத்தை: குழம்புக்கு என்றால் எத்தனை தடிப்பு என்று அவர் அடுத்தபடியாகக் கேட்டிருப்பாரே?

மருமகன்: கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அலுவலகக் குழுவில் ஒரு செய்தி வந்தது.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வெட்டும் அரிவாள்மணைக்கு முன்னால் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்க்கிறவருக்கு, அடுப்புக்கு முன்னால் நின்று அதே கைப்பேசியில் நிமிடம் எண்ணுவதில் பயன் இல்லை மாப்பிள்ளை. மீன் உடையாமல் இருப்பதில் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். எல்லாத் துண்டும் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், ஒரே அளவாகப் போடச் சொல்லியிருந்தால் நான் இந்நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருமகன்: சரி, கரண்டி எங்கே அத்தை?

அத்தை: எதற்கு?

மருமகன்: மீனைப் போட்டதும் லேசாக ஒரு கிளறு கிளற வேண்டாமா?

அத்தை: கரண்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முதலில் குழம்பைப் பாருங்கள். இன்னும் தண்ணீராக இருக்கிறது, புளியின் பச்சை வாடை போகவில்லை. மீனைப் போட்ட பிறகு வற்றிக்கொள்ளும் என்று விட்டால், குழம்பு வற்றுவதற்கு ஆகும் நேரம் முழுவதும் மீனும் சேர்ந்து கொதிக்கும். குழம்பு கெட்டியாகும்போது மீன் அதில் கரைந்திருக்கும். ஆகவே கொதிக்க வேண்டியதெல்லாம் இப்போதே கொதித்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, நீங்கள் சோற்றில் ஊற்றிக்கொள்ள விரும்பும் பதத்தைவிடச் சற்றே கெட்டியாக நிற்க வேண்டும். மீன் தன் பங்குக்குக் கொஞ்சம் நீர் விடும், அப்போது பதம் சரியாகிவிடும்.

மருமகன்: கொதித்துவிட்டது. எண்ணெயும் மேலே வந்துவிட்டது. இப்படித் தளதளவென்று கொதிக்கும்போதே போட்டுவிட்டால் சீக்கிரம் வெந்துவிடும் அல்லவா?

அத்தை: தளதளவென்று கொதித்தாலும் ஓரத்தில் மட்டும் சிறு குமிழி விட்டாலும் குழம்பின் சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா? நீங்கள் தீயைக் கூட்டுவதால் கூடுகிறது ஆவிதான். அந்தக் கொதி துண்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒன்றோடொன்று மோதவிடும். தீயைக் குறையுங்கள். நடுவில் கொதி அடங்கி, விளிம்பில் மட்டும் குமிழி வர வேண்டும்.

மருமகன்: குறைத்துவிட்டேன். கரண்டி?

அத்தை: தலையைப் போடுங்கள், கையால், மெதுவாக. தலையில் எலும்பு கனமாக இருப்பதால் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். நான்கு நிமிடம் கழித்து ஓர் அங்குலத் துண்டுகள். அவற்றுக்கு எட்டு நிமிடம். அரை அங்குலத் துண்டுகளையும் வாலையும் கடைசி மூன்று நிமிடத்துக்குப் போட்டால் போதும்.

மருமகன்: ஒரு நிமிடம் அத்தை. ஓர் அங்குலத்துக்கு எட்டு என்றால் அரை அங்குலத்துக்கு நான்கு வர வேண்டுமே. ஒரு நிமிடம் எங்கே போயிற்று?

அத்தை: பாதித் தடிப்புக்குப் பாதி நேரம் என்பதே தாராளக் கணக்கு. நடுப்பகுதி பாதித் தொலைவுக்கு வந்துவிடுகிறது, அங்கே வேக வேண்டிய சதையும் குறைவு. இரண்டும் சேர்ந்து நேரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். இதனால்தான் மெல்லிய துண்டில் ஒரு நிமிடம் அசந்தாலும் அது உதிர்ந்துவிடுகிறது, தடித்த துண்டு அதே ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்கிறது. வட்டிக்கு வட்டி கணக்குப் போடத் தெரிந்த உங்களுக்கு இது ஏன் விளங்கவில்லை?

மருமகன்: மட்டன் ஒரு மணி நேரம் வெந்தாலும் முழுசாக இருக்கிறதே, மீனுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

அத்தை: ஆட்டுச் சதையில் நீளமான நாரும் அதைக் கட்டும் தடித்த சவ்வும் உண்டு. மீனின் சதை, பசை போட்டு ஒட்டிய ஏடுகளைப் போலக் குட்டை குட்டையாக அடுக்கியிருக்கிறது. அந்தப் பசை மெல்லிய சவ்வுதான். கொதிநிலைக்கு வெகு முன்பே இளகிவிடும். அதற்குப் பிறகும் அடுப்பில் வைத்திருந்தால் சதை இறுகித் தன் நீரை வெளியே விட்டுவிடும், ஏடுகளும் பிரிந்துபோகும். அதனால்தான் அதிகம் வெந்த மீன் வாயில் வறண்டதாகவும் சட்டியில் தூளாகவும் இருக்கிறது. வெளித்தோலும் நடுமுள்ளும் துண்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆகவே தோலை உரிக்கச் சொல்லாமல் வந்ததற்கு உங்களைப் பாராட்டுகிறேன்.

மருமகன்: அதைக் கேட்டுத்தான் உரிக்காமல் விட்டேன் அத்தை.

அத்தை: அப்போது செய்தி வரவில்லை போலிருக்கிறது.

(நான்கு நிமிடம் ஆகிறது. மருமகன் தடித்த துண்டுகளை இறக்குகிறார். குமிழிகள் நின்றுவிடுகின்றன.)

மருமகன்: போட்டாயிற்று. எட்டு நிமிடம், இதோ மணி வைக்கிறேன்.

அத்தை: பொறுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். குழம்பு ஆறிப்போய் நிற்கிறது பாருங்கள். கொஞ்சம் தீயை ஏற்றி, ஓரத்தில் குமிழி திரும்ப வந்த பிறகு தீயை இறக்கி எண்ணத் தொடங்குங்கள். அரை மணி நேரம் முன்னதாகவே உப்பும் மஞ்சளும் தடவி வெளியே வைத்திருந்தால் இந்தத் தாமதமும் குறைந்திருக்கும், மேல்சதையும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

மருமகன்: அத்தை, மேல்பக்கம் குழம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு முறை திருப்பிப் போடட்டுமா? கரண்டியை...

அத்தை: நீங்கள் கரண்டி கேட்பதை நிறுத்தப்போவதில்லை, நானும் கொடுக்கப்போவதில்லை. இந்தச் சிறு கிண்ணத்தால் குழம்பை மொண்டு மேலே ஊற்றுங்கள். பிறகு துணியால் சட்டியின் விளிம்பை இரு பக்கமும் பிடித்து, கால் வட்டம் அந்தப் பக்கமும் கால் வட்டம் இந்தப் பக்கமுமாகச் சுழற்றுங்கள். குழம்பு ஓடும், துண்டுகள் அதனுடன் நகரும். மீனுக்கு அந்த அசைவு போதும்.

மருமகன்: இப்படியா?

அத்தை: மாப்பிள்ளை, அது தேர் இல்லை. மெதுவாக.

மருமகன்: ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. மெல்லிய துண்டுகளையும் போட்டுவிட்டேன். கவிதா எப்போதும் இவ்வளவு எண்ணிக்கொண்டு செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் வைக்கும் குழம்பில் மீன் உடைந்ததே இல்லை.

அத்தை: அவள் எண்ணுவதை நீங்கள் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டே, குக்கர் விசிலையும் கேட்டுக்கொண்டே, எந்தத் துண்டு எப்போது விழுந்தது என்பதை மனத்தில் வைத்திருக்கிறாள். நீங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு சமைக்கிறீர்கள். அதைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போடுகிறீர்கள். அத்தனை பேரும் கவிதா கொடுத்து வைத்தவள் என்று எழுதுகிறார்கள். அவள் மற்ற நாட்களில் சமைத்ததைப் பார்த்து நீங்கள் கொடுத்து வைத்தவர் என்று இதுவரை ஒருவரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

(கைப்பேசி மணி அடிக்கிறது.)

மருமகன்: எட்டு நிமிடம். அணைக்கட்டுமா, அல்லது உறுதிக்காக இன்னும் இரண்டு நிமிடம் விடட்டுமா?

அத்தை: மணியை நம்பியும் அணைக்காதீர்கள், பயந்துகொண்டும் விடாதீர்கள். இருப்பதிலேயே தடித்த துண்டில், நடுமுள்ளை ஒட்டி, ஓர் ஈர்க்குச்சியைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும்; சதை கண்ணாடி போல ஊடே தெரிவதாக இல்லாமல் வெள்ளையாக மாறி, முள்ளை விட்டு லேசாக விலக வேண்டும்.

மருமகன்: இறங்குகிறது. ஆனால் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை.

அத்தை: அப்படியானால் இதுதான் நேரம். அணையுங்கள். மண்சட்டி சூட்டை உடனே விடாது; அந்தக் கோடு வெளுக்கும் அளவுக்கு அதில் சூடு மிச்சம் இருக்கிறது. மெல்லிய எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விட்டிருப்பேன். மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்து, பத்து நிமிடம் யாரும் தொடாதீர்கள். பிறகு ஈர்க்குச்சியால் மறுபடி பார்த்துவிட்டுப் பரிமாறலாம்.

மருமகன்: இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?

அத்தை: எடுங்கள். தலை, நடுத்துண்டு, வால் என்று தனித்தனியாகப் போட்ட கணக்கையும் கீழே எழுதுங்கள். யார் சொன்னது என்று எழுத வேண்டாம், எனக்கு வெட்கமாக இருக்கும்.

மருமகன்: மீதியை இரவுக்குச் சூடு பண்ணிக்கொள்ளலாம் அல்லவா?

அத்தை: மீந்ததை மதியமே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவில் துண்டுகளை அகலமான தோசைத் திருப்பியால் அடியோடு எடுத்துத் தட்டில் வைத்து, குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு தீயைத் தணித்து, துண்டுகளை உள்ளே இறக்கி, உள்வரை சூடேறும் வரை மட்டும் வையுங்கள். மீனோடு சேர்த்துக் கொதிக்கவிட்டீர்களானால், காலையில் இருந்து நான் காப்பாற்றிய அத்தனை துண்டும் போய்விடும்.

மருமகன்: தோசைத் திருப்பி என்றால் கரண்டிதானே அத்தை? அதையாவது என்னிடம் கொடுப்பீர்களா?

அத்தை: இரவுக்கு நானே வருகிறேன்.