ஆடிஷனுக்கு அழுகைக் காட்சி வேண்டாம்

மும்பையில் திரைப்படம் படிக்கும் நம் பிள்ளைகள், பழக்கமில்லாத நடிகர்களை ஆடிஷனுக்கு அழைத்துப் படத்தின் உச்சக் காட்சியையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். நடித்துப் பழகாதவர் அழுகைக் காட்சியைக் கண்டால், தொலைக்காட்சித் தொடரில் பார்த்த அழுகையைத்தான் அழுது காட்டுவார்; அவருக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

அண்மையில் ஒரு மாணவர் காட்டிய கதையில், தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் தாயிடம், கல்லூரியை விட்டுவிட்டதை மகன் சொல்கிறான். அவர் சைட்ஸாக, அதாவது ஆடிஷனில் நடித்துக் காட்டக் கொடுக்கும் பகுதியாக, எடுத்து வைத்திருந்தது தாய் கதறும் பக்கத்தை. அதற்கு முந்தைய காட்சியைத்தான் நான் கொடுக்கச் சொன்னேன்: அன்றைய வசூலை எண்ணியபடி அடுத்த கட்டணம் எப்போது என்று தாய் கேட்கிறாள், மகன் பேச்சை மாற்றுகிறான், சந்தேகம் தட்டி அவள் மறுபடியும் கேட்கிறாள். ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் தொடக்கத்தில் இருந்த மனநிலை முடிவில் இல்லை. அந்தத் திருப்பத்தை ஒருவர் உணர்கிறாரா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தாளில் ‘கோபமாக’, ‘விம்மியபடி’ போன்ற அடைப்புக்குறிகளை எல்லாம் அடித்துவிட வேண்டும். மேலே இரண்டு வரியில் சூழ்நிலையைச் சொன்னால் போதும். பின்னால் நடப்பது தாய்க்குத் தெரியாதென்றால், அதை நடிப்பவருக்கும் சொல்லக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்த பலர் தமிழைச் சரளமாகப் பேசினாலும் படிக்கத் திணறுவார்கள். அந்தத் திணறலை நடிப்பின் குறையாக எடுத்துக்கொள்வது அநியாயம். அதற்காக வசனத்தைக் குரல்பதிவாக அனுப்பினால், அனுப்பியவரின் ராகத்தையே பாடம் செய்துகொண்டு வருவார்கள். தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக் கொடுப்பது நல்லது. அதுவும் முடியாதென்றால் சூழலைச் சொல்லி, சொந்தச் சொற்களில் பேசவிடலாம்.

முதல் வாசிப்பை வைத்து யாரையும் முடிவு செய்யாதீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து மகனின் வரிகளைச் சொல்லட்டும். இயக்குநர் பார்க்க மட்டும் செய்யட்டும். பிறகு, “அவன் பொய் சொல்வது உங்களுக்கு முன்பே தெரியும், காட்டிக்கொள்ளாமல் கேளுங்கள்” என்று சொல்லி மறுபடியும் செய்யச் சொல்லுங்கள். முதல்முறை அழகாகப் பேசி, இரண்டாம் முறையும் அச்சுப் பிசகாமல் அதையே பேசுபவரைவிட, தடுமாறினாலும் மாறிக் காட்டுபவரே படப்பிடிப்பில் கைகொடுப்பார் என்பது என் கருத்து.

அழைப்பு அறிவிப்பில் ‘தாய், வயது 45, நல்ல தோற்றம்’ என்று எழுதினால் தவறானவர்கள்தான் வருவார்கள். ‘40 முதல் 55 வயதுக்குள் தோன்றுபவர், திருநெல்வேலிப் பேச்சு வழக்கு வர வேண்டும், முன் அனுபவம் தேவையில்லை’ என்பது வேலைக்கு ஆகும். படப்பிடிப்புத் தேதிகள், இடம், சம்பளம் உண்டா அல்லது சாப்பாடும் பயணச் செலவும் மட்டும்தானா என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். காலை வியாபாரத்துக்குக் கிளம்புகிறவர்களைத் தேடிக்கொண்டு ஆடிஷனைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தால், ஒருவரும் வரமாட்டார்கள்.