தனி லைன் போட்டால் போதுமா?

"கால்சியம் ஏறும் கையை விட்டு வேறு கையில் லைன் போட்டு, கொஞ்ச நேரம் விட்டு செஃப்ட்ரையாக்சோன் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பச்சிளம் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது."

28 நாள் தாண்டிய பிள்ளைகளுக்கு இது பாதி சரி: ஒன்று முடிந்து, லைனை சலைன் விட்டுக் கழுவியபின் மற்றது. அதற்குக் குறைந்த வயதில், தனி லைனில், வேறு நேரத்தில் கொடுத்தும் மருந்தும் கால்சியமும் சேர்ந்து நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ரிங்கர் லாக்டேட் டிரிப்பிலும் கால்சியம் உண்டு, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த வயதில் வழக்கமாக செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்தான் மாற்று.

செஃப்ட்ரையாக்சோன் போட்ட மகளின் ஸ்கேனில் 'பித்தக்கல்' என்று வந்ததே எனக் கேட்டவருக்கு: அது வேறு விஷயம். மருந்தில் ஒரு பகுதி பித்தத்தில் இறங்கி, அங்குள்ள கால்சியத்தோடு சேறாகப் படிகிறது. நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தானாகக் கரையும், ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள். வயிற்றுவலி, வாந்தி, காமாலை வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.