இன்டர்ன்களுக்கு முதல் வாரத்தில் என்ன கொடுப்பது?

அடுத்த வாரம் எங்கள் கம்பெனிக்கு மூன்று இன்டர்ன்கள் வருகிறார்கள். இரண்டு பேர் தமிழ்நாடு, ஒருவர் ஹூப்ளிப் பக்கம். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது, பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரே ஒரு மாடி. எச்.ஆர். என்று தனியாக ஆள் கிடையாது. ஆகவே வரவேற்புக் கடிதம் எழுதுவதும் முதல் வாரத்துக்குத் திட்டம் போடுவதும் மேனேஜரான என் தலையில்.

வரவேற்புக் கடிதத்தில் வரவேற்பு ஒரு வரி இருந்தால் போதும் என்பது என் கட்சி. "எங்கள் குடும்பத்தில் ஒருவராக" என்றெல்லாம் எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் பிரயோஜனமில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும், வந்து யாரைக் கேட்க வேண்டும், லேப்டாப் நீங்கள் தருவீர்களா நான் கொண்டு வரணுமா, உதவித்தொகை எந்தத் தேதியில் கணக்கில் விழும், சனிக்கிழமை ஆபீஸ் உண்டா? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கேட்காமலே வருகிற கேள்விகள் இவை. இவற்றுக்குப் பதில் எழுதினாலே கடிதம் முடிந்துவிடும். உதவித்தொகைத் தேதியை மேலேயே போட்டுவிடுவேன். அதைக் கேட்கக் கூச்சப்படாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சேரும் நாள் திங்கட்கிழமை இல்லை, புதன்கிழமை. இதில் நான் பிடிவாதம். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிற பிள்ளை திங்கள் காலை சில்க் போர்டு நெரிசலில் மாட்டி, மடிவாளாவில் பெட்டியோடு இறங்கி, பி.ஜி.யில் அறை கிடைக்காமல், குளிக்காமல் ஆபீஸ் வந்து உட்காருவதில் யாருக்கு என்ன லாபம்? புதன் என்றால் அறை பார்க்க முன்னால் இரண்டு நாள் இருக்கிறது. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள நடுவில் ஒரு சனி, ஞாயிறும் வருகிறது. கடிதத்தில் இதற்கென்று நான்கு வரி ஒதுக்குவேன்: "படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆன்லைனில் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பதிலை வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள், தண்ணீர் நிலவரம் அப்போதுதான் தெரியும்."

சரி, வேலைக்கு வருவோம். பல இடங்களில் இன்டர்ன் வந்ததும் "ஒரு டேஷ்போர்டு பண்ணிப் பாருப்பா" என்று தனியாக எதையோ கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த டேஷ்போர்டு யார் கண்ணிலும் படாமல் போகும். நான் கேட்பது வேறு. திருத்தம் ஓரிரு வரிதான் இருக்க வேண்டும், ஆனால் அது வாடிக்கையாளர் திரைக்குப் போய்ச் சேரும் பாதை முழுவதையும் அந்தப் பிள்ளை நடந்து பார்க்க வேண்டும். அவசரமில்லாத வேலையாகவும் இருக்க வேண்டும், எந்தக் கடைக்காரரும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இந்த முறை எடுத்து வைத்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மாத அறிக்கையில் மொத்தத் தொகை 1,234,567 என்று வருகிறது. கடைக்காரருக்கு அது 12,34,567 என்று இருந்தால்தான் லட்சக் கணக்கில் கண்ணுக்குப் பிடிபடும். திருத்தம் இவ்வளவுதான்:

```js
total.toLocaleString('en-US') // 1,234,567
total.toLocaleString('en-IN') // 12,34,567
```

பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கே மாற்றுவது என்பதில்தான் விஷயம். திரையில் காட்டும் இடத்தில் மாற்றினால் சரி. கெட்டிக்காரப் பிள்ளை "ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்துக்கும் வந்துவிடுமே" என்று கணக்குப் போடும் ஃபங்ஷனுக்குள் போய் மாற்றும். அந்த நிமிடம் எண் எழுத்தாகிவிடுகிறது. அடுத்த ஃபங்ஷன் அதை வாங்கி `parseInt("12,34,567")` என்று படித்தால் கிடைப்பது 12. முதல் காற்புள்ளியோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும், எர்ரர்கூட வராது. பன்னிரண்டு லட்சம் பன்னிரண்டு ரூபாயாகி, அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் கணக்காகிவிடும். `Number` போட்டிருந்தால் `NaN` என்று திரையில் அசிங்கமாகத் தெரியும். அது எவ்வளவோ தேவலை, உடனே கண்ணில் படும்.

அப்புறம் ரிவ்யூவில் ஒரு கேள்வி கேட்போம்: ஐம்பது பைசா இருந்தால்? 1234567.5 என்ற தொகை 12,34,567.5 என்றுதான் வரும். பில்லில் .50 என்று இருக்க வேண்டும் என்றால் `minimumFractionDigits: 2` சேர்க்க வேண்டும். `maximumFractionDigits: 2` என்றும் போட வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது இலக்கம் எட்டிப் பார்க்கும். இப்படி ஒரு வரித் திருத்தத்திலேயே காட்டுவது வேறு கணக்கிடுவது வேறு என்பது பிடிபடும். இதையே ஸ்லைடு போட்டுச் சொன்னால் யாருக்கும் ஏறாது.

நாட்கள் இப்படி. புதன் முழுக்க லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிறுவி மென்பொருளை ஓட வைப்பதுதான் வேலை. அது ஒரு நாள் எடுக்கும், எடுக்கட்டும். வியாழன் திருத்தம், வெள்ளி ரிவ்யூ. வெள்ளி சாயங்காலமே எல்லாம் தயாராக இருந்தாலும் வெளியே அனுப்ப மாட்டோம். கடைகளுக்கு வியாபாரம் சூடுபிடிப்பதே சனி, ஞாயிறில்தான், எங்களுக்கோ லீவு. திங்கள் காலை அனுப்பிவிட்டு மத்தியானம் வரை கூடவே உட்கார்ந்து பார்ப்போம். செவ்வாய் ஆளுக்குக் கால் மணி நேரம், செய்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

முதல் வாரத்தில் உண்மையான டேட்டாபேஸ் பக்கம் யாரையும் விடுவதில்லை. அதில் கடைக்கு வருகிறவர்களின் போன் நம்பர் இருக்கிறது. போலிப் பெயர்கள் போட்ட மாதிரித் தரவு தனியாக வைத்திருக்கிறோம், கற்றுக்கொள்ள அது போதும்.

எனக்கு இருக்கும் ஒரே பயம், மாட்டிக்கொண்ட பிள்ளை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது. காலையில் நாலு கேள்வி கேட்ட ஆள் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, எப்போது விசாரித்தாலும் "கிட்டத்தட்ட முடிஞ்சது சார்" என்கிறது என்றால் பெரும்பாலும் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் கடிதத்தில் விதியாகவே எழுதுகிறேன்: அரை மணி நேரம் முட்டிப் பார், நகரவில்லையா, குழுவில் கேள். எனக்குத் தனியாக அனுப்பாதே, குழுவில் போட்டால் பக்கத்து ஆளுக்கும் பதில் கிடைக்கும். என்ன செய்தாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும், அது வேறு கதை.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொன்று சொல்வேன். என்னிடம் தமிழில் கேட்கலாம், தாராளமாக. ஆனால் டீ குடிக்கும் இடத்தில் ஹூப்ளிப் பெண் கூட நிற்கும்போது நாம் மூன்று பேர் தமிழில் சிரித்துக்கொண்டிருப்பது நன்றாக இல்லை. நாலு வார்த்தை கன்னடம் கற்றுக்கொண்டால் ஆட்டோவுக்கும் ஆகும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு வேலை. புதன்கிழமை லேப்டாப்பைத் தயார் செய்தபோது எங்கள் குறிப்பில் எந்த வரி புரியவில்லை, எந்த கமாண்ட் ஓடவில்லை என்று மூவரும் உட்கார்ந்து அவர்களே அதைத் திருத்த வேண்டும். பழைய ஆட்களுக்கு அந்தக் குழி கண்ணில் படாது. நவம்பரில் அடுத்த செட் வருகிறது, திருத்திய குறிப்புதான் அவர்கள் கைக்குப் போகும்.