புது அட்டையைக் குறையுங்கள்

"பாடத்தை நினைவில் வைக்க, ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் எழுதி தினமும் 20 புது அட்டை போட்டேன், இப்போது திரும்பப் பார்க்க வேண்டியது மலையாகக் குவிந்து கிடக்கிறது. என்ன செய்வது?"

கொஞ்ச நாளைக்குப் புது அட்டையே வேண்டாம். அப்புறம் தினம் 5 போதும். ஒவ்வொரு அட்டையும் ஆரம்பத்தில் அடிக்கடி திரும்பி வரும், அதுதான் குவிகிறது.

மூன்று பெட்டி வையுங்கள்: முதலாவது தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டி, தவறினால் மறுபடி முதல் பெட்டி. மறக்கப்போகிற நேரத்தில் முயன்று நினைவுபடுத்தினால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இடைவெளி நீள்வது அதனால்தான்.

உதாரணமாக, அட்டையின் முன்புறம் ‘டங்ஸ்டன் குறியீடு?’, பின்புறம் W. விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள். பார்த்துவிட்டு ‘ஓ, தெரியுமே’ என்பது கணக்கில் வராது. ஒரே அட்டை நாலைந்து தடவை முதல் பெட்டிக்கே வந்தால் அதில் விஷயம் அதிகம், இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.